வேலை கிடைத்ததைச் சொல்லும் நாலு வரி

நெடுநாள் வேலையில்லாமல் இருந்தவர் கையில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டால், அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க மனம் வராது. வாட்ஸப் ஸ்டேட்டஸிலோ ஃபேஸ்புக்கிலோ லிங்க்ட்இன்னிலோ ஒரு படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதத் தோன்றும். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த நாலு வரியில் பலர் இடறிவிடுகிறார்கள். சந்தோஷத்தைச் சொல்லத்தான் உட்காருகிறார்கள். எழுதி முடித்துப் பார்த்தால், வேலை தராதவர்களுக்குச் சொன்ன பதிலாக அது மாறியிருக்கிறது.

எங்கே மாறுகிறது என்பதைப் பார்க்க, திருப்பூர் மெர்ச்சண்டைசர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வெளிநாட்டு பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவே நிற்பவர் மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்பி ஒப்புதல் வாங்குவது, விலை பேசுவது, துணி எப்போது வரும், தையல் எப்போது முடியும் என்று விரட்டுவது, ஷிப்மென்ட் தேதி தவறாமல் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. ஆர்டர் குறைந்த சமயத்தில் நிறுவனம் ஆட்களைக் குறைத்தது. அதில் இவரும் ஒருவர். பதினோரு மாதம் வேலையில்லை. மனைவி வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுத்த வருமானத்தில் குடும்பம் நடந்தது. இப்போது ஒரு பையிங் ஆபீஸில் வேலை கிடைத்திருக்கிறது. அன்று இரவே இப்படி எழுதுகிறார்:

“11 மாதம். 90 விண்ணப்பம். 14 இன்டர்வியூ. வேண்டாம் என்று சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. நீங்கள் அன்று வேண்டாம் என்றதால்தான் இன்று இங்கே நிற்கிறேன். கடைசியில் என் அருமை தெரிந்த இடம் கிடைத்துவிட்டது!”

இதில் ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. நன்றி என்றுகூடச் சொல்லியிருக்கிறார். எழுதியவரைக் கேட்டால், ‘எனக்கு யார் மேலயும் கோபம் இல்லைங்க’ என்பார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் படிப்பவருக்கு அப்படித் தெரியாது. முதலில் வரும் எண்கள், வரவேண்டிய பாக்கியைக் கூட்டிவைத்த பட்டியல் போல நிற்கின்றன. அடுத்து வரும் நன்றியில், அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்பதே இல்லை, கொடுக்காததற்குத்தான் நன்றி. கடைசி வரியில் புதிய நிறுவனத்தைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு, மற்ற எல்லோருக்கும் தன் அருமை தெரியவில்லை என்று சொல்லிவிடுகிறார். வேலை கொடுத்தவரைப் பற்றி வேறு ஒரு செய்தியும் இல்லை. தன் நிம்மதியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதை யார் படிப்பார்கள் என்று யோசித்தால் விபரீதம் இன்னும் தெளிவாகும். பையிங் ஆபீஸ் என்பது வெளிநாட்டு பையர் சார்பில் தொழிற்சாலைகளுக்கு ஆர்டர் கொடுத்து வேலை வாங்கும் இடம். இவரை இன்டர்வியூ செய்துவிட்டு எடுக்காத தொழிற்சாலைகளில் சில, திங்கட்கிழமை முதல் இவர் தினமும் போன் போட்டுப் பேசவேண்டிய சப்ளையர்களாக இருக்கும். இவரைக் கேள்வி கேட்ட அதே மெர்ச்சண்டைசிங் மேனேஜரிடம், ‘அந்த சைஸ் செட் சாம்பிள் எப்பங்க வரும்?’ என்று கேட்க வேண்டியிருக்கும். திருப்பூரில் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அதே வாட்ஸப் குழுக்களில்தான் எல்லோரும் இருக்கிறார்கள். ஓசூரில் இயந்திரத் தொழிற்சாலை, சிவகாசியில் அச்சகம், சென்னையில் மென்பொருள் என்று எந்தத் தொழிலை எடுத்துக்கொண்டாலும் நிலைமை பெரிதாக மாறாது. புதிய மேலாளரும் படிப்பார். இத்தனை இடத்தில் எடுக்கவில்லை என்ற செய்தியை அவருக்கு முதன்முதலில் சொன்னவர் நம் ஆளாகவே இருப்பார்.

ஜாக்கிரதைக்காக மட்டும் கசப்பைத் தவிர்க்கச் சொல்லவில்லை. பெரும்பாலும் அந்தக் கசப்புக்கு ஆதாரம் கிடையாது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு நிறுவனம் ஆளெடுக்காமல் விடும் காரணங்களைப் பாருங்கள். இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கும்போதே பையர் ஆர்டரைத் தள்ளிப்போட்டிருப்பார். அந்த இடமே வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருப்பார். உள்ளே இருக்கும் ஒருவருக்கே பதவி உயர்வு கொடுத்து இடத்தை நிரப்பியிருப்பார்கள். இவர் கேட்கும் சம்பளம் அவர்கள் ஒதுக்கிய தொகையைத் தாண்டியிருக்கும். குழந்தைகள் ஆடையில் அனுபவம் உள்ளவர் வேண்டும் என்று தேடியிருப்பார்கள். இவருக்கு ஆண்கள் டி-சர்ட்டில்தான் அனுபவம். இந்தக் காரணங்களை விண்ணப்பித்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்வதில்லை. ‘பார்த்துட்டுச் சொல்றோம்’ என்பதோடு சரி. அந்த மௌனம் வலிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. பதில் சொல்லாமல் இழுத்தடிப்பது நல்ல பழக்கமும் அல்ல. ஆனால் காரணம் தெரியாத ஒரு முடிவை ‘என்னை மதிக்கவில்லை’ என்று எழுதும்போது, நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எழுதுகிறோம்.

சரி, கசப்பு கூடாது என்று மனைவி சொல்கிறார். மெர்ச்சண்டைசர் அழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறார். இந்த முறை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறது:

“எல்லாம் நன்மைக்கே! இந்த 11 மாதம் என் வாழ்க்கையின் பொற்காலம். என்னை நானே கண்டுகொண்டேன். நம்பிக்கையோடு உழைத்தால் நிச்சயம் கிடைக்கும். யாரும் மனம் தளராதீர்கள்!”

முதலாவதைவிட இதுதான் அதிகமாகக் கண்ணில் படும் வகை. எனக்கு இது முதலாவதைவிட வருத்தம் தருகிறது. கழுத்து வலிக்கத் தைத்துக் குடும்பம் நடத்திய மனைவியும் இதைப் படிப்பார். அவருக்கு அது பொற்காலம் அல்ல. அதே நாளில் வேலை இழந்து இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பழைய சக ஊழியர்களும் படிப்பார்கள். உழைத்தால் நிச்சயம் கிடைக்கும் என்று அவர்களிடம் சொன்னால், உங்களுக்குக் கிடைக்காததற்கு நீங்கள் உழைக்காததுதான் காரணம் என்று ஆகிறது. நேற்றுவரை அவர்களில் ஒருவராக இருந்தவர் இன்று மேடையேறிப் பேசுவது போல இருக்கும். கசப்பை எடுப்பதற்காகப் பட்ட கஷ்டத்துக்குப் பொன் முலாம் பூச வேண்டியதில்லை.

அப்படியானால் எதை எழுதுவது? வந்த செய்தி வேலை. மனதில் இருப்பது நிம்மதி. ஆனால் ‘நிம்மதியாக இருக்கிறது’ என்று எழுதினால் அது படிப்பவருக்குள் இறங்காது. நான் எப்போதும் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: இனிமேல் எதைச் செய்ய வேண்டியதில்லை? நிம்மதி என்பது ஏதோ ஒன்று நின்றுபோவது. அது எது என்று கண்டுபிடித்தால் வரி தானாக வந்துவிடும்.

மெர்ச்சண்டைசர் யோசிக்கிறார். அடகுக் கடையில் இருக்கும் நகையை இனி மீட்டுவிடலாம். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், கடன் தவணை கேட்பவர்களோ என்று பயப்பட வேண்டாம். கல்யாண வீட்டில் ‘இப்ப எந்தக் கம்பெனிலங்க இருக்கீங்க?’ என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்ற வேண்டாம். மூன்றுமே உண்மை. ஆனால் நகை மனைவியுடையது; அது அடகில் இருப்பது அவர் பிறந்த வீட்டுக்குத் தெரியாது. அதைச் சொல்லும் உரிமை இவருக்கு இல்லை. கடன் தவணை விஷயம் பொதுவில் சொன்னால் சங்கடம். மூன்றாவது இவருக்கே உரியது, யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை, வேலையில்லாமல் ஒரு மாதம் இருந்தவருக்குக்கூட அந்தக் கேள்வியின் கனம் தெரியும். கேட்டவர்மீது குறையும் இல்லை, அவர் நலம் விசாரித்தவர். அதனால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதினோரு மாதம் என்பதைச் சொல்லலாமா? சொல்லலாம், ஒரே ஒரு முறை, காலக் கணக்காக மட்டும். ரெஸ்யூமேயில் எப்படியும் அந்த இடைவெளி தெரியத்தான் போகிறது. மறைக்காமல் எழுதினால், அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு, தான் மட்டும் இப்படி இல்லை என்று தெரியும். விண்ணப்ப எண்ணிக்கையும் இன்டர்வியூ எண்ணிக்கையும் வேண்டாம். காலத்தைச் சொன்னால் அது நம் கதை. எத்தனை பேர் மறுத்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால் அது அவர்கள் கதையாகிவிடும்.

அடுத்தது நன்றி. உண்மையான நன்றியை அடையாளம் காண்பது எளிது: அவர் என்ன செய்தார் என்று சொல்ல முடியும். மெர்ச்சண்டைசரின் ரெஸ்யூமேயை இந்தப் பையிங் ஆபீஸுக்கு அனுப்பிவைத்தவர் பழைய நிறுவனத்தில் கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர். அவர் பெயரைப் போடும் முன் அவரிடம் கேட்டுவிட வேண்டும். அவரும் வேறெங்கோ வேலையில் இருப்பவர். எங்கெங்கே ஆளைச் சேர்த்துவிடுகிறார் என்று ஊருக்குத் தெரிவது அவருக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

மறுத்தவர்களுக்கு நன்றி சொல்ல முடியுமா? சொல்லத்தக்கது இருந்தால் முடியும். இவருக்கு ஒன்று இருந்தது. ஆறாவது மாதம் ஒரு நிறுவனத்தில், ஜிஓடிஎஸ் சான்று பெற்ற ஆர்டர்களுக்கான டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட் பற்றிக் கேட்டார்கள். இயற்கைமுறைப் பருத்தி ஆடை என்று சொல்லி விற்க வேண்டுமானால், பஞ்சிலிருந்து நூல், நூலிலிருந்து துணி, துணியிலிருந்து ஆடை என்று சரக்கு கைமாறும்போது அதற்கான சான்றும் கூடவே வர வேண்டும். அந்தக் காகிதம்தான் டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட். இவர் அதுவரை சாதாரணப் பருத்தி ஆர்டர்களையே பார்த்தவர், பதில் தெரியவில்லை. அந்த மேனேஜர் பத்து நிமிஷம் உட்கார்ந்து விளக்கினார். வேலை கிடைக்கவில்லை. ஆனால் இவர் வீட்டுக்கு வந்து அதைப் படித்தார். பையிங் ஆபீஸ் இன்டர்வியூவில் அதே கேள்வி வந்தது. இந்த முறை சொல்லத் தெரிந்திருந்தது. வேலை கொடுக்காத ஓர் இடத்துக்குச் சொல்லக்கூடிய நேர்மையான நன்றி இது. குத்தல் இல்லை, ஏனென்றால் அங்கே நிஜமாகவே ஒன்று கிடைத்தது. இப்படி எதுவும் இல்லாதவர் மறுத்தவர்களைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாம். மன்னித்துவிட்டேன் என்றுகூட எழுத வேண்டாம். மன்னிப்பு என்ற சொல் வந்ததுமே குற்றமும் வந்துவிடுகிறது.

மூன்றாவது முறை எழுதியது இது:

“வேலை கிடைத்துவிட்டது. பதினோரு மாதத்துக்குப் பிறகு மறுபடியும் மெர்ச்சண்டைசர். இனி கல்யாண வீட்டில் ‘எந்தக் கம்பெனி?’ என்று கேட்டால் பேச்சை மாற்ற வேண்டியதில்லை, பெரிய நிம்மதி. என் ரெஸ்யூமேயை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்த அண்ணனுக்கும், இத்தனை நாள் வீட்டை நடத்திய என் மனைவிக்கும் நன்றி. இன்டர்வியூவுக்குப் போன ஓர் இடத்தில் டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட் பற்றிப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அது எனக்கு மிகவும் உதவியது. என்னோடு வேலை தேடிய நண்பர்கள் சிலர் இன்னும் தேடுகிறார்கள், நல்ல அனுபவசாலிகள். உங்களிடம் இடம் இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.”

முதல் வாக்கியமே செய்தியாக இருப்பதைக் கவனியுங்கள். அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்ட்இன் எல்லாமே நீளமான பதிவின் முதல் சில வரிகளை மட்டும் காட்டிவிட்டு மீதியை மடித்துவைக்கும். ‘பதினோரு மாதமாக வேலையில்லாமல் இருந்தேன், யாரிடமும் சொல்லவில்லை’ என்று ஆரம்பித்தால், விரித்துப் படிக்காத பெரியம்மா பதறிப்போய் போன் செய்வார். லிங்க்ட்இன்னில் 3,000 எழுத்துக்குறிகள் வரை இடம் தருகிறார்கள் என்பதற்காக அதை நிரப்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. நிம்மதிக்கு நீளம் ஒத்துவராது. நீளம் கூடக்கூட, சொல்லாமல் விட்டிருக்க வேண்டியவையெல்லாம் உள்ளே வரும்.

எப்போது போடுவது என்பதில் நான் கண்டிப்பான ஆள். ஆஃபர் லெட்டர் வந்த அன்றைக்கு வேண்டாம். நம் ஊரில் ‘ஆர்டர் வந்துடுச்சு’ என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம்; ஆனால் ஆஃபர் லெட்டர் பெரும்பாலும் நிபந்தனையோடு வருவது. பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர், சான்றிதழ் சரிபார்ப்பு, சில இடங்களில் மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகுதான் உறுதி. ஆஃபர் கொடுத்துவிட்டுச் சேரும் தேதியை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டதும், அடியோடு ரத்து செய்ததும் ஐடி துறையில் 2022, 2023 வாக்கில் செய்திகளாகவே வந்தன. ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு அப்படி நடந்தால், முதல் தடவையைவிட அடி பலமாக இருக்கும். வீட்டாருக்கும், உதவியவர்களுக்கும் உடனே போன் செய்து சொல்லிவிடுங்கள். பொதுவில் போடுவதை வேலையில் சேர்ந்து ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதென்றால், நிறுவனத்தின் பெயரில்லாமல் போடுங்கள். மேலே உள்ளதில் பெயர் இல்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

படம் எது என்பதும் முக்கியம். ஆஃபர் லெட்டரைப் படமெடுத்துப் போடவே கூடாது. சம்பளம் தெரிந்துவிடும், வீட்டு முகவரி தெரிந்துவிடும் என்பது ஒருபுறம். நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டும் அதிகாரியின் கையெழுத்தும் தெளிவாகத் தெரியும் படம், போலி ஆஃபர் லெட்டர் தயாரிப்பவர்களுக்குத் தயாராகக் கிடைத்த அச்சு. அப்படிச் செய்த கடிதத்தைக் காட்டி, பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று அவர்கள் பணம் பறிப்பது, வேலை தேடி அலையும் இன்னொருவரிடம்தான். அடையாள அட்டையும் அப்படியே. புதிதாகச் சேர்ந்தவர் யார் என்று தெரிந்துகொண்டு, அவருடைய மேலதிகாரி அனுப்புவது போல மெயில் அனுப்பி, அவசரமாக கிஃப்ட் கார்டு வாங்கச் சொல்லி ஏமாற்றுவதும் உலகம் முழுக்க நடக்கிறது. வீட்டில் பிள்ளைகளோடு எடுத்த படம் போதும். படமே இல்லாவிட்டாலும் தவறில்லை.

பதிவு போட்ட பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. நம் மேல் பாசமுள்ள நண்பர் ஒருவர் கீழே எழுதுவார்: ‘உன்னை வேண்டாம்னு சொன்னவங்களுக்கு இப்பத் தெரியும் பாரு மாப்ள!’ அவருக்கு நல்ல எண்ணம்தான். ஆனால் அதற்கு நீங்கள் ஒரு லைக் போட்டால், அந்த வாக்கியத்தில் உங்கள் கையெழுத்தும் விழுந்துவிடும். கவனமாக எழுதியதெல்லாம் வீண். ‘நன்றி மாப்ள, எல்லா இடத்திலயும் மரியாதையாத்தான் பேசுனாங்க’ என்று ஒரு வரி எழுதுங்கள், அது உண்மையாக இருந்தால். இல்லையென்றால் ‘நன்றி மாப்ள, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா’ என்பது போதும்.

பதிவைப் போடும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். வேலையில் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், லிங்க்ட்இன் படத்தைச் சுற்றியிருக்கும் #OpenToWork என்ற பச்சை வளையத்தை எடுத்துவிடுங்கள். நௌக்ரி போன்ற தளங்களிலும் வேலை தேடவில்லை என்று மாற்றுங்கள். இன்டர்வியூ பாதியில் நிற்கும் நிறுவனங்கள் ஒன்றிரண்டு இருக்கும். அவர்களுக்கு, ‘வேறிடத்தில் சேர்ந்துவிட்டேன், நேரம் ஒதுக்கியதற்கு நன்றி’ என்று மெயில் அனுப்புங்கள். பதில் வராமல் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் விலகிய அன்றே அவர்கள் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போக முடியும்.